வழக்கு நிலுவையில் இருக்கிறதா? வக்கீலிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்

மார்ச் 31 கணக்கு முடிக்கும்போது வக்கீலிடமிருந்து "நம் பக்கம் கேஸ் ஸ்ட்ராங்" என்று ஒரு வரிக் கடிதம் வரும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பணம் கட்டவேண்டி வருமா, வந்தால் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு: சாயம் போனதாக பனியன் கம்பெனி மீது 20 லட்சம் கேட்டு வழக்கு. ஒரு லாட்டில் பழுது உண்மை, 8 லட்சம் கட்டத்தான் வேண்டியிருக்கும், மீதி 12 லட்சம் வாதாடக்கூடியது என்கிறார் வக்கீல். ஏஎஸ் 29 என்ற கணக்கியல் தரநிலைப்படி 8 லட்சத்துக்கு புரொவிஷன், அதாவது இந்த வருடமே செலவாக எழுதி ஒதுக்கிவைக்க வேண்டும். 12 லட்சம், வந்தாலும் வரலாம் என்ற பொறுப்பாக, கணக்கோடு இணைக்கும் குறிப்புகளான நோட்ஸில் மட்டும் கன்டிஞ்சன்ட் லயபிலிட்டி. பலரும் முழு 20 லட்சத்தையும் நோட்ஸில் தள்ளிவிடுகிறார்கள், லாபம் குறையக்கூடாதே! அந்த 12 லட்சம் கேட்பதற்கே முகாந்திரம் இல்லை, கட்டவேண்டி வரும் வாய்ப்பு மிக மிக அரிது என்றால் மட்டுமே நோட்ஸும் வேண்டாம்.

இன்னொன்று. போர்டு கணக்கை அங்கீகரிப்பதற்குள், ஜூனில் தீர்ப்பு வந்தாலும் அந்தத் தொகை மார்ச் கணக்கில்தான் ஏறவேண்டும்.