‘இதயம் நின்றது’ என்ற ஒற்றை வரி

அப்பாவின் இறப்புக்கான மருத்துவச் சான்றில் காரணம் என்ற இடத்தில் ‘இதயம் நின்றது’ என்று மட்டும் இருந்தது. யார் இறந்தாலும் இதயம் நிற்கத்தான் செய்யும், அது காரணமாகாது. காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை நிறுத்திவைத்து, சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டது. பாலிசி எடுத்துப் பதினான்கு மாதங்களே ஆகியிருந்தன. புதிய பாலிசி என்றால், பழைய நோயை மறைத்தார்களா என்று துருவுவார்கள்.

நான் முதலில் பதிவாளரிடம் ஓடினேன். அது வீண் அலைச்சல். காரணத்தைச் சான்றளிப்பவர் கடைசியாகச் சிகிச்சை தந்த மருத்துவர். பதிவாளர் அதைப் பதிவு மட்டுமே செய்கிறார். (விபத்து, சந்தேக மரணம் என்றால் பிரேதப் பரிசோதனைக்குப் பிறகே காரணம் முடிவாகும்.)

மருத்துவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துத் திருத்தி எழுதினார். முதல் வரியில் நுரையீரல் அழற்சி. அதன் கீழ், ‘இதற்குக் காரணம்’ என்ற வரியில், மூன்று வாரத்துக்கு முந்தைய பக்கவாதம். அடியில் இருப்பதே மூலகாரணம். கோப்பில் இல்லாத எதையும் அவர் எழுத மாட்டார், எழுதவும் கூடாது.

திருத்திய சான்றுடன் மருத்துவமனைச் சுருக்கத்தையும் இணைத்துக் கொடுத்தேன். பக்கவாதம் பாலிசிக்குப் பிறகு வந்தது என்பது தேதிகளிலேயே தெரிந்தது. பணம் அம்மாவின் கணக்குக்கு வந்துசேர்ந்தது.