மண்டப முன்பணத்தைத் திரும்பப் பெற்ற விதம்

மாப்பிள்ளை வீட்டில் திடீர் துக்கம். தங்கையின் கல்யாணம் தள்ளிப்போனது. கிருஷ்ணகிரியில் தை முகூர்த்தத்துக்குப் பிடித்த மண்டபத்துக்கு 40,000 ரூபாய் முன்பணம் கட்டியிருந்தோம். போனில் கேட்டதும், "அட்வான்ஸ் திரும்பாது சார்" என்று மேலாளர் முடித்துவிட்டார்.

ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் வேறு சொன்னது: முகூர்த்தத்துக்கு 60 நாளுக்கு முன் எழுத்துமூலம் ரத்து செய்தால் 25 சதவீதம் மட்டும் பிடித்தம், பிந்தினால் முழுத்தொகையும் போகும். கெடு இன்னும் தாண்டவில்லை. அன்றே கடிதம் எழுதினேன்: ரசீது எண், முகூர்த்தத் தேதி, அந்த விதி, வரவேண்டிய 30,000, வங்கிக் கணக்கு எண். ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் போட்டேன். போன் பேச்சுக்குத் தேதி முத்திரை கிடையாதே!

பதில் இல்லை. இதற்குள் அதே முகூர்த்தத்துக்கு மண்டபம் வேறு வீட்டாருக்குப் போய்விட்டதாகச் சமையல்காரர் சொன்னார். அடுத்த கடிதத்தில் அதைக் குறிப்பிட்டேன். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது என்றும், 15 நாளில் பணம் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915இலும், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்வேன் என்றும் எழுதினேன்.

கெடுவுக்குள் 30,000 கணக்கில் ஏறியது. மீதியையும் கேட்கச் சொன்னார் மாமா. அப்பா கையெழுத்திட்ட விதி அது, விட்டுவிட்டேன்.