நேற்று வாங்கிய பங்கு இன்று உங்கள் கையில் இருக்கிறதா?

திங்கள்கிழமை வாங்கிய பங்கைச் செவ்வாய் காலையிலேயே விற்பவர்கள், தி.நகரில் நான் டீலராக இருக்கும் பங்குத் தரகு அலுவலகத்தில் நிறையப் பேர். இதை பி.டி.எஸ்.டி., அதாவது 'பை டுடே, செல் டுமாரோ' என்போம். திரையில் பங்கு தெரிகிறது, விற்கவும் முடிகிறது. அதனால் அது தன்னுடையது என்று நினைக்கிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குகளுக்கும் டி+1 முறை வந்துவிட்டது; அதாவது வர்த்தகம் நடந்த மறு வேலை நாளில் பங்கும் பணமும் கைமாறும். வர்த்தகம் முடிந்ததும் கிளியரிங் கார்ப்பரேஷன் நடுவில் வந்து, வாங்குபவருக்கு விற்பவராகவும் விற்பவருக்கு வாங்குபவராகவும் நிற்கும். மறுநாள் காலை விற்றவரிடம் பங்கை வாங்கி, பிறகு உங்கள் டீமேட் கணக்கில் சேர்க்கும். ஆக, செவ்வாய் காலை நீங்கள் விற்கும் நேரத்தில் பங்கு இன்னும் வந்து சேரவில்லை.

பெரம்பூர் வாடிக்கையாளர் ஒருவர் திங்களன்று 200 ரூபாய்க்கு 100 பங்கு வாங்கினார். அன்றே அது 210 ரூபாயில், ஒரு நாளில் ஏற அனுமதிக்கும் உச்ச விலையான அப்பர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டது. செவ்வாயன்று 215க்கு விற்று, 1,500 ரூபாய் லாபம் என்று சந்தோஷப்பட்டார். ஆனால் அவருக்குப் பங்கு தர வேண்டியவர், கையில் பங்கே இல்லாமல் காலையில் விற்று, மாலைக்குள் திரும்ப வாங்கிவிடலாம் என்றிருந்தவர். சர்க்யூட்டில் விற்க ஆளில்லாததால் அவரால் வாங்க முடியவில்லை. அவர் தராத பங்கை வேறொருவரிடம் வாங்க, கிளியரிங் கார்ப்பரேஷன் செவ்வாயன்று ஏலம் நடத்தியது. அந்தப் பங்கு நம்மவருக்குப் புதன்கிழமைதான் வந்தது. அவரோ தான் விற்றதைப் புதன் காலையே ஒப்படைக்க வேண்டும்.

'எனக்கே வரவில்லையே' என்றார். நியாயமான கோபம்தான், ஆனால் செல்லாது. திங்கள் கணக்கு வேறு, செவ்வாய் கணக்கு வேறு. அவர் பெயரிலும் ஏலம் நடந்து, 230க்குப் பங்கு வாங்கப்பட்டது. 215க்கு விற்றதற்கு 230, அதாவது பங்குக்கு 15 ரூபாய் வீதம் 1,500 ரூபாய் நட்டம், அதற்கு மேல் கட்டணங்கள். தாமதமாக வந்த 100 பங்கும் அவரிடமே தங்கிவிட்டது. விலை இறங்கினால் அதுவும் அவர் தலையில்தான். ஏலத்தில் பங்கே கிடைக்காவிட்டால், வாங்கியவருக்குப் பணமாகக் கொடுத்துக் கணக்கு முடிப்பார்கள்.

எனவே வாங்கிய நாளில் அப்பர் சர்க்யூட் தொட்ட பங்கை மறுநாள் விற்காதீர்கள். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டெபாசிட்டரியின் குறுஞ்செய்தியோ டீமேட் இருப்போ பங்கு வந்ததைக் காட்டிய பிறகு விற்றால் இந்தச் சிக்கலே இல்லை. ஒவ்வொரு வர்த்தகத்தையும் பங்கை ஒப்படைத்தே முடிக்க வேண்டிய டிரேட்-டு-டிரேட் பங்குகளில், கைக்கு வரும் முன் விற்கும் வழியே கிடையாது.

பணத்திலும் ஒரு குழப்பம் உண்டு. விற்ற தொகையை வைத்து அன்றே வேறு பங்கு வாங்கத் தரகர் அனுமதிக்கலாம், ஆனால் வங்கிக்கு எடுக்க மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். அதை நம்பி, வீட்டு வாடகையை அன்றே தருவதாகச் சொல்லிவிடாதீர்கள். ஏப்ரல் 1 போன்ற நாளில் சந்தை திறந்திருந்தாலும் வங்கிகள் ஆண்டுக் கணக்கு முடிப்பதால், மார்ச் 31 வர்த்தகத்தின் பணமும் பங்கும் இன்னும் ஒரு நாள் தள்ளிப் போகலாம்.