காசோலை அறிவிப்பில் எந்தத் தொகையைக் கேட்பது?

"ஆகவே, தாங்கள் எனது கட்சிக்காரருக்குச் செலுத்த வேண்டிய ரூ.5,95,000-ஐ 15 நாட்களுக்குள் செலுத்துமாறு இதன்மூலம் கோரப்படுகிறது."

வரைவுப் பயிற்சியில், காசோலை பணமாகாமல் திரும்பியதும் அதைக் கொடுத்தவருக்கு அனுப்பும் அறிவிப்பை எழுதச் சொன்னால், பத்துத் தாளில் நாலைந்தாவது இப்படித்தான் முடிகிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பயிற்சிக்குக் கொடுத்த காசோலையின் தொகை ரூ.5,00,000. மாணவர் அதோடு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 18 மாதத்துக்கு 90,000, நோட்டீஸ் செலவு 5,000 இரண்டையும் கூட்டி ஒரே தொகையாக எழுதிவிட்டார். இந்த ஒரு வாக்கியத்தால் வழக்கே விழுந்துவிடலாம்.

மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881-ன் பிரிவு 138, காசோலை திரும்பினாலே குற்றம் என்று சொல்லவில்லை. அறிவிப்பில் "மேற்படி தொகையை" கேட்க வேண்டும், அது கிடைத்த 15 நாட்களுக்குள் எதிர்த்தரப்பு கொடுக்காமல் இருக்க வேண்டும். அப்போதுதான் குற்றம் முழுமையாகிறது. அந்த "மேற்படி தொகை" காசோலையில் எழுதிய தொகைதான். நிலுவையில் இருக்கும் மொத்தப் பாக்கி அல்ல. சிறைத்தண்டனை வரை போகக்கூடிய சட்டம் என்பதால் நீதிமன்றங்கள் இந்தச் சொல்லை இறுக்கமாகவே படிக்கின்றன. 2007-ல் ராகுல் பில்டர்ஸ் வழக்கில், காசோலைத் தொகையைக் கேட்காமல் பில் பாக்கி முழுவதையும் கேட்ட அறிவிப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

அப்படியானால் வட்டியைக் கேட்கவே கூடாதா? கேட்கலாம், தனியாகக் கேட்க வேண்டும். காசோலைத் தொகை தெளிவாகப் பிரிந்து நின்றால், கூடவே வட்டியும் செலவும் கேட்டதால் அறிவிப்பு கெடாது என்று 2000-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அதனால் கோரிக்கைப் பத்தியை நான் இப்படித் திருத்தித் தருவேன்:

"ஆகவே, மேற்படி காசோலையின் தொகையான ரூ.5,00,000-ஐ இந்த அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் செலுத்துமாறு கோரப்படுகிறது. இது தவிர, வட்டியாக ரூ.90,000-ம், அறிவிப்புச் செலவாக ரூ.5,000-ம் தாங்கள் தனியே செலுத்தக் கடமைப்பட்டவர்."

கூட்டுத்தொகையை எங்கேயும் எழுதாதீர்கள். முதல் வாக்கியத்தில் உள்ள பணத்தை எதிர்த்தரப்பு கொடுத்துவிட்டால் குற்ற வழக்கு இல்லை. வட்டிக்கு உரிமையியல் வழக்குதான். இந்த வேறுபாடு அறிவிப்பைப் படிப்பவருக்கே புரிய வேண்டும். "கிடைத்த நாளிலிருந்து" என்ற சொல்லையும் கவனியுங்கள். பலர் "இந்த அறிவிப்பின் தேதியிலிருந்து" என்று எழுதுகிறார்கள். சட்டம் தரும் 15 நாள், கையில் கிடைத்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறது.

அடுத்தது எழுத்துப் பிழை. பழைய அறிவிப்பைத் திறந்து, பெயரை மாற்றி, தொகையை மாற்ற மறந்துவிடுவது. 2025-ல் காவேரி பிளாஸ்டிக்ஸ் வழக்கில் காசோலை ஒரு கோடி ரூபாய்க்கு. அறிவிப்பில் இரண்டு கோடி. தட்டச்சுப் பிழைதான், காசோலை எண்ணும் தேதியும் சரியாக இருக்கின்றனவே என்று வாதாடினார்கள். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கோரும் தொகை காசோலைத் தொகையேதான் இருக்க வேண்டும் என்றது. அதனால் வரைவை முடித்ததும் காசோலையை ஒரு கையில் வைத்துக்கொண்டு எண்ணாலும் எழுத்தாலும் எழுதிய தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள். கட்சிக்காரர் வாயால் சொன்ன தொகையை நம்பி எழுத வேண்டாம்.

இதைவிடச் சிக்கலானது இடையில் வந்த பணம். நம் பயிற்சிக் கதையில் ஒரு வரி சேர்ப்போம்: காசோலை கொடுத்த பிறகு, அதை வங்கியில் போடும் முன்பே, கடன் வாங்கியவர் ரூ.1,00,000 கொடுத்துவிட்டார். கட்சிக்காரர் அதைச் சொல்லாமல் ஐந்து லட்சத்துக்கே காசோலையைப் போட்டார், அது திரும்பியது. இப்போது அறிவிப்பில் ஐந்தா, நாலா? மாணவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பார்க்கிறார்கள். உண்மையில் இரண்டும் உதவாது. ஐந்து கேட்டால், காசோலையைப் போட்ட நாளில் சட்டப்படியான கடன் நாலுதான். நாலு கேட்டால், அது காசோலைத் தொகை அல்ல. 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழி, வங்கிக்குப் போவதற்கு முன்பே வந்த பணத்தைப் பிரிவு 56-ன்படி காசோலையில் குறித்துக்கொண்டு மீதிக்கு மட்டும் போடுவது. மீதிக்குப் புதுக் காசோலை வாங்கிக்கொள்வது இன்னும் எளிது. எப்படியும் அறிவிப்பு எழுதும் கட்டத்தில் இந்தத் தவறைச் சரிசெய்ய முடியாது. ஆகவே பேனாவைத் திறக்கும் முன், "காசோலை வாங்கினப்புறம் ஏதாவது பணம் வந்ததா?" என்று கட்சிக்காரரைக் கேளுங்கள். வங்கிக் கணக்கு அறிக்கையையும் வாங்கிப் பாருங்கள்.

இன்னொன்று, கடன் எப்படி வந்தது என்ற பத்தி. அறிவிப்பு பின்னால் புகார் மனுவோடு சான்றாவணமாக நிற்கும். அறிவிப்பில் "கைமாற்றுக் கடன்" என்றும் புகாரில் "சரக்கு பாக்கி" என்றும் இருந்தால் குறுக்கு விசாரணை அங்கேயே தொடங்கும். தெரிந்ததை மட்டும் சுருக்கமாக எழுதுங்கள். நிறுவனத்தின் காசோலை என்றால் அறிவிப்பு நிறுவனத்தின் பெயருக்கே போக வேண்டும். கையெழுத்திட்ட இயக்குநருக்கு மட்டும் அனுப்பினால் போதாது.

சரி, தொகையைத் தவறாக எழுதி அனுப்பியாகிவிட்டது, பிறகுதான் கண்ணில் பட்டது. என்ன செய்யலாம்? நாட்களைப் பார்க்க வேண்டும். காசோலைத் தேதி 10-06-2025, வங்கியின் ரிட்டர்ன் மெமோ கிடைத்தது 13-06-2025 என்று வைத்துக்கொள்வோம். அறிவிப்பு அனுப்ப 30 நாள். மெமோ கிடைத்த நாளை விட்டு எண்ணினால் 13-07-2025. அது ஞாயிற்றுக்கிழமை, எனவே வெள்ளிக்கிழமையையே கடைசி நாளாக வைத்துக்கொள்வது நல்லது. அதற்குள் பிழை தெரிந்தால், முந்தைய அறிவிப்பைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லிச் சரியான தொகையோடு புது அறிவிப்பு அனுப்பிவிடுங்கள்.

அந்த 30 நாள் போய்விட்டால் அறிவிப்புக்குத் தாமத மன்னிப்பு கிடையாது. அது புகார் தாக்கல் செய்யும் ஒரு மாதக் கெடுவுக்கு மட்டும்தான். ஆனால் காசோலைக்கு அதன் தேதியிலிருந்து மூன்று மாதம் உயிர் உண்டு. அதற்குள் மறுபடி வங்கியில் போட்டு, மறுபடி திரும்பினால், புது மெமோவிலிருந்து புது 30 நாள் கிடைக்கும். எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தது. நம் காசோலையை செப்டம்பர் முதல் வாரத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதுவும் தவறினால், பணத்தை வசூலிக்க உரிமையியல் வழக்கு மட்டுமே மிஞ்சும்.