கீப் லெஃப்ட் என்கிறது, இரண்டு சாலையும் ஒரே மாதிரி இருக்கிறது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேவிகேஷன் குரல் ‘டர்ன் லெஃப்ட்’ என்றால் பெரும்பாலும் யாருக்கும் குழப்பம் வராது. சந்திப்பு தெரியும், வேகத்தைக் குறைப்போம், திரும்பிவிடுவோம். சிக்கல் ‘கீப் லெஃப்ட்’டில்தான். நாம் போய்க்கொண்டிருக்கும் சாலையே மிகக் குறுகிய கோணத்தில் இரண்டாகப் பிரிகிறது, இரண்டுமே நேராகப் போவது போலத்தான் தெரிகிறது, அகலமும் ஒன்றுதான், யோசிக்க மூன்று நான்கு விநாடிதான் இருக்கிறது. இந்த இடத்தில் ஏறக்குறைய எல்லோரும் செய்யும் தவறுகள் சில உண்டு.

முதல் தவறு, அதைக் கேட்டதும் இடது ஓரத்துக்குப் போய்விடுவது. சாலையின் இடப்பக்கமாக ஓட்டிப் பழகியவர்களுக்கு இது இன்னும் எளிதாக நடக்கும், ஏனென்றால் ‘ஓரமாகப் போ’ என்று சொல்வதாகவே காதில் விழுகிறது. ஆப் சொல்வது அதுவல்ல. சாலை இரண்டு கிளையாகப் பிரியப் போகிறது, அதில் இடது கிளைக்குள் நீங்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த இடது கிளைக்கு இரண்டு மூன்று லேன் இருக்கலாம், எதில் இருந்தாலும் சரி. ஆனால் கடைசி ஓர லேனுக்கு ஒதுங்கினால் அது வேறு வேலை செய்யும். பல சாலைகளில் உண்மையான பிரிவுக்குக் கொஞ்சம் முன்பே ஓரமாக ஒரு சர்வீஸ் ரோடு திறப்பு வரும், ஓர லேன் நம்மை நேராக அதற்குள் கொண்டுபோய்விடும்.

இதை ஒரு உதாரணத்தில் பார்த்தால் தெளிவாகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், அதாவது விநாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். “500 மீட்டரில் கீப் லெஃப்ட்” என்று குரல் வருகிறது. பிரிவை அடைய சுமார் 30 விநாடி இருக்கிறது. 20 விநாடி கழிந்ததும் இடப்பக்கம் ஒரு திறப்பு தெரிகிறது, சாலையில் இருந்து மெதுவாக விலகி, நம் சாலைக்கு இணையாகவே போகிறது. பார்த்தால் கீப் லெஃப்ட் மாதிரியேதான் இருக்கும். மனசு ஏற்கெனவே ‘இடது, இடது’ என்று தயாராக இருப்பதால் கை தானாக அந்தப் பக்கம் போகும். ஆனால் கணக்குப்படி அங்கே நாம் வந்திருப்பது சுமார் 340 மீட்டர்தான், இன்னும் 160 மீட்டர் மிச்சம். உண்மையான பிரிவு அதற்கப்புறம் வருகிறது. அங்கே வலது கிளை மேம்பாலத்தில் ஏறுகிறது, இடது கிளை பாலத்தை ஒட்டிக் கீழே தொடர்கிறது.

இங்கே காப்பாற்றுவது குரல் அல்ல, திரையின் மேல்பக்கம் குறைந்துகொண்டே வரும் மீட்டர் எண். முதல் திறப்பு வரும்போது அந்த எண் 150, 200 என்று காட்டினால் அது நம் பிரிவு அல்ல, தாண்டிப் போகலாம். ஆப் ஒரு திறப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றால், அங்கே சாலையிலேயே தொடரச் சொல்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். எண் பூஜ்யத்தை நெருங்கும்போது கண்ணுக்கு முன்னால் இருப்பதுதான் நம் பிரிவு. அதிலும் பத்து இருபது மீட்டர் முன்பின் வரும். வரைபடத்தில் சாலை ஒரு கோடுதான், அந்தக் கோடு எந்தப் புள்ளியில் இரண்டாகிறது என்று வரைந்திருக்கிறார்களோ அதுவரைதான் தூரம் கணக்கிடப்படும். தரையில் வெள்ளைக் கோடுகள் அதற்கு முன்பே பிரிய ஆரம்பித்திருக்கலாம், தடுப்புச் சுவர் அதற்கு அப்புறம் தொடங்கலாம். அதனால் எண்ணை ஒரு அளவுக்குத்தான் நம்ப வேண்டும். ஆனால் 150 மீட்டர் வித்தியாசத்தை அது நிச்சயம் காட்டிக்கொடுக்கும்.

திரையில் லேன் அம்புக்குறிகள் காட்டினால் இன்னும் நல்லது. மூன்று நான்கு அம்புகளில் இரண்டு பளிச்சென்று இருந்தால், அந்த இரண்டில் எதில் வேண்டுமானாலும் போகலாம் என்று பொருள். ஓரமாக வேறு திறப்புகள் வரக்கூடிய சாலையில் நான் பளிச்சென்ற லேன்களில் உள்பக்க லேனைத்தான் எடுப்பேன். ஓரத்துத் திறப்பு நம்மை இழுக்காது, பிரிவு வந்ததும் இடது கிளைக்குள் தானாகவே போய்ச் சேரலாம்.

இரண்டாவது தவறு இன்னும் ஆழமானது: பிரிவில் எந்தப் பக்கம் என்று தெரியாதபோது, திரையில் நாம் இருக்கும் இடத்தைக் காட்டும் அம்பைப் பார்ப்பது, ‘சரியான ரோட்டில்தான் இருக்கேன், நீலக்கோட்டில்தான் போகுது’ என்று நிம்மதி அடைவது. அந்த அம்பு பொய் சொல்லும். போனில் இருக்கும் ஜிபிஎஸ் திறந்த வானத்தின் கீழே நல்ல நிலையில் கிட்டத்தட்ட 5 மீட்டர் துல்லியம் தரும், உயரமான கட்டடங்கள், மரங்கள், பாலங்கள் அருகே இன்னும் மோசமாகும். ஒரு லேனின் அகலமே மூன்று, மூன்றரை மீட்டர்தான். எந்த லேனில் இருக்கிறோம் என்பதே அதற்குச் சரியாகத் தெரியாது. அதோடு, ஆப் ஜிபிஎஸ் தரும் இடத்தை அப்படியே காட்டுவதில்லை. நாம் ஏதாவது ஒரு சாலையில்தான் இருக்க முடியும் என்று எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் சாலையின் மீது அம்பை ஒட்டவைக்கும், அதிலும் தான் போகச் சொன்ன பாதைக்கு முன்னுரிமை தரும். அது நல்லதுக்குத்தான், இல்லையென்றால் அம்பு வயலிலும் வீட்டுக் கூரையிலும் குதித்துக்கொண்டிருக்கும். ஆனால் குறுகிய கோணப் பிரிவில் அதே உதவி நம்மை ஏமாற்றிவிடுகிறது.

இரண்டு சாலைகள் 10 டிகிரி கோணத்தில் பிரிவதாக வைத்துக்கொள்வோம். 30 மீட்டர் போன பிறகு அவற்றின் நடுக்கோடுகளுக்கு இடையே இருக்கும் இடைவெளி சுமார் 5 மீட்டர்தான். 60 மீட்டர் போனால் 10 மீட்டருக்குச் சற்று மேல். ஜிபிஎஸ் பிழையே ஐந்து பத்து மீட்டர் இருக்கும்போது, அந்தத் தூரம் வரை நாம் எந்தக் கிளையில் இருக்கிறோம் என்று ஆப்புக்கு உண்மையிலேயே தெரியாது. பிறகும் ஒரே ஒரு அளவீட்டை நம்பி அது முடிவு செய்யாது, தொடர்ந்து சில விநாடிகள் விலகல் தெரிந்தால்தான் ‘பாதை மாறிவிட்டது’ என்று புதிய வழி கணக்கிடும். அதற்குள் நாம் நூறு மீட்டருக்கு மேல் போயிருப்போம். மேம்பாலமும் பக்கத்துச் சாலையும் என்றால் நிலைமை இன்னும் கஷ்டம். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டி, கிட்டத்தட்ட இணையாக நீண்ட தூரம் போகும். உயரத்தை அளப்பதில் ஜிபிஎஸ் கிடைமட்டத்தைவிட இன்னும் பலவீனம். பாலத்தின் மேலே நாம் இருக்க, அம்பு கீழே இருக்கும் சாலையிலேயே ஊர்ந்துகொண்டிருக்கும், பாலம் இறங்கும் வரைகூட.

ஆகவே பிரிவில் அம்பைப் பார்க்கக் கூடாது, நீலக்கோட்டின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். அதையும் பிரிவில் அல்ல, அதற்கு ஒரு கிலோமீட்டர் முன்பே பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொன்னால் நல்லது. தனியாகப் போகிறவர் கிளம்புவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம். திருப்பங்களின் பட்டியலைத் திறந்து, கீப் லெஃப்ட், கீப் ரைட் என்று வரும் இடங்களை மட்டும் தொட்டுப் பெரிதாக்கினால் போதும். வழியில் அப்படி நாலைந்து இடம்தான் இருக்கும். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் பிரிவுக்கு முன் சர்வீஸ் ரோடு திறப்பு இருக்கிறதா, இடது கிளை பாலத்தில் ஏறுகிறதா கீழே போகிறதா என்று தெரிந்துவிடும். ‘இடது’ என்பதைவிட ‘பாலத்தில் ஏறக் கூடாது’ என்பது ஓட்டும்போது பல மடங்கு உபயோகமான தகவல்.

அதே நேரத்தில் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: இடது கிளையின் சாலை எண், அல்லது அது போய்ச் சேரும் அடுத்த பெரிய ஊர். நாம் போகும் ஊரின் பெயர் வழிகாட்டிப் பலகையில் பெரும்பாலும் இருக்காது, அந்தச் சாலையில் இன்னும் தள்ளி இருக்கும் பெரிய ஊரின் பெயர்தான் இருக்கும். அது தெரியாமல் நம் ஊரின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தால் பலகை கண்ணுக்கு முன்னால் இருந்தும் பயனில்லை. பலகையும் குரலும் முரண்பட்டால்? சாலை எண் தெளிவாக இருக்கும் பலகையைத்தான் நான் நம்புவேன், அது அந்த இடத்தில் நிற்பது, ஆப்பில் இருப்பது எப்போதோ வரையப்பட்டது. கட்டுமான வேலை நடக்கும் இடத்தில் இது ரொம்பவே உண்மை.

கடைசிச் சொல்லுக்காகக் காத்திருப்பதும் ஒரு தவறு. குரல் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க மூன்று விநாடி ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் சுமார் 66 மீட்டர் கடந்துவிடும், புளூடூத் ஸ்பீக்கரில் இன்னும் கொஞ்சம் தாமதம் சேரும். ‘இப்போது கீப் லெஃப்ட்’ என்று காதில் விழும்போது லேன் மாற்ற நேரம் இருக்காது. முதல் அறிவிப்பு வந்ததுமே மெதுவாகச் சரியான லேனுக்கு வந்துவிட வேண்டும், கடைசி அறிவிப்பு உறுதிப்படுத்த மட்டும். முன்னால் போகும் வண்டிகளில் அதிகம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போவதும் வேண்டாம், அவர்கள் வேறு ஊருக்குப் போகிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கடைசி நிமிடத்தில் தெரியவில்லை என்றால், வண்டி எந்தக் கிளையை நோக்கி இருக்கிறதோ அதிலேயே போய்விடுங்கள். இரண்டு கிளைக்கும் நடுவே முக்கோணமாக வெள்ளைப் பட்டைகள் போட்டிருக்கும் இடத்தில் நிற்பது, அதன் குறுக்கே பாய்வது, தாண்டிய பிறகு ரிவர்ஸ் எடுப்பது, மூன்றுமே ஆபத்து. பின்னால் வருகிறவர் நீங்கள் நிற்பீர்கள் என்று எதிர்பார்க்க மாட்டார். தவறான கிளையின் விலை பெரும்பாலும் சில நிமிடங்கள்தான்.

தவறான கிளை என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிரிவுக்கு முன்பே, அதற்கடுத்த திருப்பம் எவ்வளவு தூரத்தில் என்று பட்டியலில் பார்த்திருந்தால் சுலபம். சரியாக வந்திருந்தால் ‘அடுத்தது 4 கிலோமீட்டரில்’ என்ற மாதிரி எதிர்பார்த்த எண் வரும். நான்குக்குப் பதிலாகத் திடீரென்று ‘300 மீட்டரில் வலது’ என்று வந்தாலோ, போய்ச் சேரும் நேரம் சட்டென்று ஐந்து பத்து நிமிடம் கூடினாலோ, ஆப் வழியை மாற்றிவிட்டது, அதாவது நாம் மற்ற கிளையில் இருக்கிறோம். புது வழியில் முதலில் யூ டர்ன் கேட்டால் உடனே செய்யத் தேவையில்லை, பாதுகாப்பான இடம் வரும்வரை நேராகப் போங்கள், ஆப் மீண்டும் கணக்கிடும். ஆனால் மேம்பாலத்தில் இருக்கும்போது இந்த அறிகுறிகள் எதுவும் வராமல் எல்லாம் சரியாக இருப்பது போலவே காட்டலாம். அங்கே மட்டும் திரையை விட்டுவிட்டு அடுத்த பலகையில் இருக்கும் சாலை எண்ணைப் பாருங்கள், நீங்கள் குறித்து வைத்த எண் இல்லையென்றால் பாலம் இறங்கியதும் ஓரமாக, நிறுத்த அனுமதி உள்ள இடத்தில் நிறுத்தி வழியை மறுபடி போட்டுக்கொள்ளலாம்.