அலறுபவரிடம் அல்ல, அசையாதவரிடம் முதலில் போங்கள்

பேருந்து கவிழ்ந்து பலர் அடிபட்டுக் கிடக்கிறார்கள், உதவிக்கு ஓரிருவர்தான். முதலில் இடம் பாதுகாப்பானதா என்று பாருங்கள். அப்புறம், "நடக்க முடிந்தவர்கள் எல்லாம் அந்த மரத்தடிக்கு வாங்க" என்று உரக்கச் சொல்லுங்கள். யாருக்கு எவ்வளவு அவசரம் என்பதை நிறத்தால் பிரிக்கிறோம். எழுந்து வருபவர்கள் பச்சை, இப்போதைக்குக் காத்திருக்கலாம். பிறகு அவர்களையும் மறுபடி பார்க்க வேண்டும், சிலருக்கு நிலைமை மோசமாகும்.

வராதவர்களில் ஒருவர் மல்லாந்து கிடக்கிறார், நெஞ்சு ஏறி இறங்கவில்லை. தாடையைத் தூக்கி மூச்சுப்பாதையைத் திறக்கிறீர்கள். மூச்சு வந்துவிட்டால் சிவப்பு, உடனடிச் சிகிச்சை. வராவிட்டால் கறுப்பு, மனதைக் கல்லாக்கிக்கொண்டு அடுத்தவரிடம் நகர வேண்டியதுதான். இங்கேயே மார்பை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால், பிழைக்கக்கூடிய இன்னொருவர் போய்விடுவார். (குழந்தைகளுக்கு இந்த விதி சற்று மாறும்.)

அடுத்தவர் மூச்சு விடுகிறார். நிமிடத்துக்கு 30-க்கு மேல் என்றால் சிவப்பு. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். 24 வருகிறது, சரி. மணிக்கட்டில் நாடி தேடுங்கள். தட்டுப்படவில்லை என்றால் சிவப்பு. நாடி இருக்கிறதா? "என் கையை அழுத்துங்க" என்று சொல்லுங்கள். அழுத்தினால் மஞ்சள், அதாவது சிவப்புக்கு அடுத்த முறை; சொன்னது புரியாமல் விழித்தால் சிவப்பு.

ஒருவருக்கு அரை நிமிடம்தான். ரத்தம் பீறிட்டால் மட்டும் நின்று, பச்சைக் கூட்டத்தில் ஒருவரைக் கூப்பிட்டுக் காயத்தை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு நகருங்கள்.