கடிதம் பிந்தட்டும்: போர்க்காலக் காதல் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணப் போர்க்காலத்தை வைத்துப் புதிதாக எழுத வருகிறவர்களின் காதல் கதைகளை அடிக்கடி வாசிக்கிறேன். நான் எழுதத் தொடங்கிய காலத்தில் செய்த தவறுகளே திரும்பத் திரும்ப வருகின்றன. எழுத்துப்பிழை, தேதிப்பிழை போன்றவற்றை விட்டுவிடுகிறேன். கதையையே கெடுப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஷெல் விழும்போது முத்தம்

பங்கருக்குள் காதலர்கள் தனியாக இருக்கமாட்டார்கள். அம்மம்மா இருப்பார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். இருவரும் ஆளுக்கொரு மூலையில் இருந்து, ஒருவரை ஒருவர் பார்க்காதது போல் இருக்க வேண்டிய இடம் அது. அதை அப்படியே எழுதினாலே போதும்.

செய்தி எப்படிப் போகிறது என்று பார்க்காமல் எழுதுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். அண்மையில் ஒரு கதை வந்தது. 1992, அவள் யாழ்ப்பாணத்தில், அவன் கொழும்பில். நல்ல மொழி. மூன்றாம் பக்கத்தில் அவள் வீட்டுத் தொலைபேசி மணி அடிக்கிறது, அவன் பேசுகிறான். 1990இல் போர் மறுபடி தொடங்கியபோதே அங்கே தொலைபேசியும் மின்சாரமும் போய்விட்டன. இதைச் சொன்னேன். “அது சின்ன விவரம்தானே” என்று பதில் வந்தது.

சின்ன விவரம் இல்லை. அந்த மணி அடித்ததும் ஏக்கம் செத்துவிட்டது. அவன் நலமாக இருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு ஆசிரியர் எத்தனை முறை ‘தவித்தாள்’ என்று எழுதினாலும் வாசகர் நம்பமாட்டார்.

அந்தக் காலத்தில் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்தது. சனங்கள் இரவில் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்தார்கள். கடற்படை சுடும் என்று தெரிந்தேதான் போனார்கள். கடிதங்கள் வாரக்கணக்கில் பிந்தின. அவசரமென்றால், பயணம் போகிற யாரிடமாவது கையில் கொடுத்தனுப்ப வேண்டும். பேட்டரி கிடைக்காததால் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். இந்தத் தடைகள் ஒவ்வொன்றும் காதல் கதைக்கு உதவும்.

அதே கதையை இப்படி மாற்றிப் பாருங்கள். ஏப்ரல் 2ஆம் தேதி அவன் எழுதுகிறான்: வேலை கிடைத்துவிட்டது, மாமா வீட்டில் இருக்கிறேன். கடிதம் அவள் கைக்கு மே 20ஆம் தேதி வருகிறது. இதற்கிடையில், ஏப்ரல் கடைசியில், ஒரு சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துப் போய்விட்டார்கள். வாசகருக்கு அது தெரியும், அவளுக்குத் தெரியாது. ஜாம் போத்தல் விளக்கைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு அவள் பதில் எழுதுகிறாள்: மாமியின் சமையல் பிடித்திருக்கிறதா, ஏன் இரண்டே பக்கம், அடுத்ததில் நிறைய எழுதுங்கோ. அந்தச் சாதாரண வரிகளே வாசகரை வதைக்கும். ‘ஏங்கினாள்’ என்ற சொல்லே வேண்டாம்.

எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில் மூன்று விஷயங்களைக் குறித்து வையுங்கள்: எழுதிய நாள், கிடைத்த நாள், இடையில் நடந்தது. ஒரு சிறுகதைக்கு மூன்று கடிதங்கள் தாராளம். வாசகருக்கும் எதுவும் தெரியாமல் மறைத்தால் அது மர்மக் கதையாகிவிடும், ‘என்ன ஆச்சு’ என்ற ஆவல்தான் மிஞ்சும். அவளுக்குத் தெரியாததை நாம் தெரிந்து வைத்திருக்கும்போதுதான் அவளுடைய காத்திருப்பு நம்மைத் தைக்கும்.

செய்தி கிடைக்காதவர்கள் எதையும் செய்தியாக எடுத்துக்கொள்வார்கள். முல்லைப்பாட்டில் அரசன் பாசறையில் இருக்கிறான். முதிய பெண்கள் ஊர்ப்புறத்தில் போய் நற்சொல் கேட்டு நிற்கிறார்கள். ஓர் ஆயர்குலப் பெண் கன்றைப் பார்த்து, உன் தாய்மார் இப்போதே வந்துவிடுவார்கள் என்கிறாள். அதையே அரசன் வருவான் என்ற சேதியாகக் கொண்டுவந்து அரசிக்குச் சொல்கிறார்கள். உங்கள் கதாநாயகியும் இப்படி எதையாவது பிடித்துக்கொள்ளட்டும். படகில் வந்த ஒருவர், ‘உங்கட ஆளைப் போலொருத்தரைக் கண்டன்’ என்று சொன்னால்கூடப் போதும்.

சோதிப்பது சுலபம். கதையில் போரை எடுத்துவிட்டு, அவன் வெளியூரில் வேலை பார்ப்பதாக வைத்துப் பாருங்கள். கடிதக் காட்சிகள் மாறாமல் அப்படியே நின்றால், நீங்கள் போர்க்காலக் கதை எழுதவில்லை.

காத்திருப்பவளை ஜன்னலில் நிறுத்துவது

மண்ணெண்ணெய் வரிசையில் நிறுத்துங்கள்.

முடிக்கத் தெரியாமல் ஒருவரைக் கொல்வது

வேண்டாம்.

சந்தித்ததும் கதையை முடிப்பது

கட்டிப்பிடித்தார்கள், சுபம் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவன் விடுதலையாகி, அவளும் கிளாலி கடந்து கொழும்பு வந்து சேர்கிறாள் என்று வையுங்கள். வடக்கிலிருந்து வந்த தமிழர் என்பதால் முதல் வேலையே பொலிஸில் போய்ப் பதிவது. இருவரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். தடுப்பில் நடந்ததை அவன் எங்கே தொடங்கிச் சொல்வான்? அவள் எழுதி அவனுக்குக் கிடைக்காத கடிதங்களில் இருந்ததை இப்போது வாய்விட்டுச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருக்காதா? அந்த அரைமணி நேரத்தையும் எழுதுங்கள்.